47 நாள் குழந்தை, விடாத மஞ்சள், 60 நாளுக்குள் ஆபரேஷன்: ஏன் இந்த அவசரம்?

"என் தங்கச்சி பையனுக்கு இன்றோடு 47 நாள். பிறந்ததிலிருந்தே லேசான மஞ்சள் இருக்கிறது. நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் கூடுகிறது. தாய்ப்பால் காமாலை, தானாகப் போய்விடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். 45ஆம் நாள் ஊசி போடப் போன இடத்தில் வேறொரு டாக்டர் பார்த்து, பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம், 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால்தான் நல்லது என்கிறார். நன்றாக இருக்கும் குழந்தையை இவ்வளவு அவசரமாக அறுக்க வேண்டுமா? கொஞ்சம் தேறிய பிறகு செய்தால் என்ன?"

தேறிய பிறகு செய்ய முடியாத ஆபரேஷன் இது. இதய ஓட்டை, உதட்டுப் பிளவு போன்றவற்றில் குழந்தை எடை கூடும் வரை காத்திருப்பதில் பல சமயம் நியாயம் உண்டு. இந்த நோயில் குழந்தை வளர வளர ஆபரேஷன் பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில், அது ஏன் என்பதை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது சிறுசிறு நாளங்கள் வழியாகச் சேர்ந்து, கல்லீரலின் அடிப்பக்கத்தில் உள்ள வாசலில் வெளியே வந்து, ஒரு பெரிய நாளமாகக் குடலுக்குப் போகிறது. நம் மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது இந்தப் பித்தம்தான். பிலியரி அட்ரீசியாவில், கல்லீரலுக்கு வெளியே இருக்கும் அந்த நாளங்கள் பிறப்பை ஒட்டிய காலத்தில் அழற்சி கண்டு, சுருங்கி, கடைசியில் துளையே இல்லாத நார்க்கயிறு போல ஆகிவிடுகின்றன. பித்தம் போக வழியில்லாமல் கல்லீரலுக்குள்ளேயே தேங்குகிறது. தேங்கிய பித்தம் கல்லீரலைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு கூடிக்கூடி இறுகினால் அதுதான் சிரோசிஸ். பெரியவர்களுக்குக் குடியால் பல வருஷத்தில் வருவது, இந்தக் குழந்தைகளுக்குச் சில மாதங்களில் வந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

குழாயில் கல் அடைத்திருந்தால் எடுத்துவிடலாம். இங்கே குழாயே போய்விட்டது. 1950களின் நடுப்பகுதி வரை இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இணைக்க எதுவும் இல்லை என்று மூடிவிடுவதே வழக்கமாக இருந்தது. ஜப்பானின் செண்டாய் நகரில், தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர்தான் அந்த நிலையை மாற்றினார். வெளியே தெரியும் நாளம் அடைந்திருந்தாலும், கல்லீரல் வாசலில் உள்ள நார்த்திட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்கள் சில இன்னும் திறந்திருக்கின்றன என்பதை அவர் கண்டார். அந்தத் திட்டைக் கல்லீரலின் மேற்பரப்பு வரை வெட்டியெடுத்துவிட்டு, வெட்டிய இடத்தின் மீது குடலைக் கொண்டுவந்து தைத்தார். நுண்நாளங்களிலிருந்து கசியும் பித்தம் நேராகக் குடலில் விழுந்தது. 1959இல் இதை எழுதி வெளியிட்டார். இன்றும் உலகம் முழுவதும் செய்யப்படுவது அதே ஆபரேஷன்தான். டாக்டர்கள் "கசாய்" என்று சொல்வதைக் கேட்டு, கஷாயம் கொடுத்துக் குணப்படுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது அந்த மருத்துவரின் பெயர்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கசாய் ஆபரேஷன் புதிய நாளம் எதையும் உண்டாக்குவதில்லை. அந்த வாசலில் இன்னும் உயிரோடு இருக்கும் நுண்நாளங்களை நம்பியே அது நடக்கிறது. அந்த நாளங்களோ நோயின் போக்கில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. அதே நேரத்தில் உள்ளே கல்லீரலும் இறுகிக்கொண்டே வருகிறது. 45 நாளில் திறந்தால் பெரும்பாலும் கல்லீரல் மெத்தென்று இருக்கும், வாசலில் வேலைக்கு ஆகும் நாளங்கள் இருக்கும். 100 நாளில் திறந்தால் கல்லீரல் பச்சை பாரித்து, முடிச்சு முடிச்சாக, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். நாளங்களும் அநேகமாகப் போயிருக்கும். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கசிய எதுவும் இருக்காது. பித்தம் கொஞ்சம் கசிந்தாலும், ஏற்கெனவே விழுந்துவிட்ட தழும்பை அது அழிக்காது.

60 நாள் என்பது இப்படிப் பல ஆயிரம் குழந்தைகளைப் பார்த்து வந்த ஒரு கோடு. 59ஆம் நாள் பிழைக்கும், 61ஆம் நாள் பிழைக்காது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. 75, 80 நாளில் செய்தும் நன்றாக இருக்கும் குழந்தைகள் உண்டு. 40 நாளில் செய்தும் பித்தம் ஓடாத குழந்தைகளும் உண்டு. ஒரு குழந்தைக்கு என்ன நடக்கும் என்பதை நாள் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாள் கூடக்கூட வாய்ப்பு இறங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நோயின் தீவிரத்தையோ நாளங்களின் எண்ணிக்கையையோ நம்மால் மாற்ற முடியாது. எத்தனையாவது நாள் ஆபரேஷன் என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அந்த நாட்கள் எப்படிக் கையை விட்டுப் போகின்றன என்பதை ஒரு குழந்தையின் கதையைச் சொன்னால் புரியும். பெண் குழந்தை. சுகப்பிரசவம், பிறந்த எடை 3 கிலோ. நான்காம் நாள் மஞ்சள் ஏறியதால் இரண்டு நாள் லைட்டில் வைத்து, இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டில் இருந்தார்கள். 16ஆம் நாளும் கண்ணில் மஞ்சள் இருந்ததால் பக்கத்து ஊர் மருத்துவமனையில் காட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமி 8.4. முன்பு 15 இருந்தது, இறங்கிவிட்டது, தாய்ப்பால் காமாலைதான் என்றார்கள். காலை இளவெயிலில் காட்டச் சொன்னார்கள். பாட்டியும் அதையேதான் சொன்னார். அந்த 8.4 மொத்த பிலிருபின். அதில் டைரக்ட் என்ற வகை எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

30ஆம் நாள் பேர் வைத்தார்கள். அன்று வந்திருந்த ஒரு சித்தி குழந்தையின் துணியை அலசும்போது, "என்னடி, மூத்திரத் துணி இப்படி மஞ்சக் கறை புடிச்சிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். சூடு என்று சொல்லி அம்மாவைத் தண்ணீர் அதிகம் குடிக்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் சொன்னார் என்று கீழாநெல்லி அரைத்துச் சங்கில் கொடுத்தார்கள். 45ஆம் நாள் ஊசிக்குப் போனபோது நர்ஸம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். 47ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் மொத்தம் 9.6, டைரக்ட் 6.8. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை அப்போதுதான் பால் குடித்திருந்ததால் பித்தப்பை சரியாகத் தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 55ஆம் நாள் ஸ்கேனில் பித்தப்பை மிகச் சிறிதாகச் சுருங்கித் தெரிந்தது. அதற்குள் சி.எம்.வி. என்ற வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருந்தது. வைரஸ் தொற்றுதான் காரணமாக இருக்கும், மருந்து கொடுத்து இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்கள். மஞ்சள் குறையவில்லை. எங்களிடம் வந்தபோது 71ஆம் நாள்.

ரத்தம் எடுத்த இடத்தில் கசிவு நிற்கவில்லை. பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடலுக்குள் போக வேண்டிய வைட்டமின் கே-யும் போகாது. அது இல்லாமல் ரத்தம் உறையாது. மூன்று நாள் வைட்டமின் கே ஊசி போட்டு, உறையும் அளவு சரியான பிறகு 75ஆம் நாள் ஆபரேஷன் செய்தோம். கல்லீரல் இறுகியிருந்தது. அடுத்த சில நாளில் மலத்தில் கொஞ்சம் மஞ்சள் வந்தது. பிலிருபின் 10லிருந்து 5 வரை இறங்கியது. அந்த அம்மா ஒவ்வொரு துணியையும் எடுத்துவந்து எங்களிடம் காட்டுவார். மூன்றாவது மாதத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது. ஒன்பதாம் மாதம் வயிற்றில் நீர் கோத்தது. பதினொன்றாம் மாதம் அம்மாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து மாற்று அறுவை செய்ய வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இந்தக் கதையில் யாரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மஞ்சள் இருப்பது மிகச் சாதாரணம். அதில் இந்த நோய் இருப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சாதாரணமானதை முதலில் நினைப்பது இயல்புதான். ஆனால் 16ஆம் நாள் எடுத்த அதே ரத்தத்தில் டைரக்ட் பிலிருபினையும் கேட்டிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும். தனி ஊசி வேண்டாம், பெரிய செலவு இல்லை, படிவத்தில் ஒரு சொல் கூடுதலாக எழுதினால் போதும். இந்த நோயுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே டைரக்ட் அளவு சற்றுக் கூடியிருக்கிறது என்று பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. 16க்கும் 71க்கும் நடுவே 55 நாள். பரிசோதனைகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

டைரக்ட் என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறமி முதலில் இன்டைரக்ட். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தில் தள்ளும் வடிவம் டைரக்ட். தாய்ப்பால் காமாலையிலும் பிறந்த வாரத்து மஞ்சளிலும் கூடுவது முதல் வகை. அது சிறுநீரில் இறங்காது, அதனால் குழந்தையின் மூத்திரம் தண்ணீர் போல இருக்கும், மலம் நல்ல மஞ்சளாகப் போகும். டைரக்ட் கூடியிருந்தால் கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது, அதற்குப் பிறகு எங்கோ வெளியேற முடியாமல் நிற்கிறது என்று பொருள். அது சிறுநீரில் இறங்கித் துணியில் கறை பிடிக்கும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் டைரக்ட் இருந்தாலே அது இயல்பு இல்லை. வெயிலும் லைட்டும் முதல் வகையைத்தான் குறைக்கும். டைரக்டை அவை தொடுவதே இல்லை. உங்கள் தங்கச்சி பையனின் ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

மலத்தைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "வெள்ளையாகப் போகிறதா?" என்று கேட்டால் பல அம்மாக்கள் "இல்லை, மஞ்சள்தான்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்று, இந்த நோயில் முதல் சில வாரம் மலம் மஞ்சளாகவே இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கலாம். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியாது. இரண்டு, மஞ்சள் ஏறிய மூத்திரம் பட்டும், குடலின் மேல்தோல் செல்கள் உதிர்ந்து கலந்தும் மேலாக ஒரு மங்கல் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் விண்டு பார்த்தால் உள்ளே களிமண் போலவோ, கோலமாவைக் குழைத்தது போலவோ இருக்கும். இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பகலில் வாசலில் வைத்துப் பார்த்து, அடுத்தடுத்து மூன்று நாள் போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். டயாப்பர் கட்டுகிறீர்கள் என்றால் ஒரு நாள் மட்டும் வெள்ளை வேட்டித் துணி கட்டிப் பாருங்கள். மூத்திரம் காய்ந்ததும் கறை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தைவானில் இதையே நாடு தழுவிய ஏற்பாடாகச் செய்தார்கள். மலத்தின் நிறங்களை வரிசையாக அச்சிட்ட ஒரு அட்டையைக் குழந்தையின் நலப் புத்தகத்திலேயே சேர்த்துப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். 2002இல் சில இடங்களில் தொடங்கி 2004 முதல் நாடு முழுக்க. ஒரு மாதச் சோதனைக்குள் பெற்றோரே ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறிய நிறமாக இருந்தால் உடனே தகவல் தர வேண்டும். புது மருந்தோ புது ஆபரேஷனோ வரவில்லை. குழந்தைகள் சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். ஐந்து வயதில் சொந்தக் கல்லீரலோடு, மஞ்சள் இல்லாமல் இருக்கும் குழந்தைகள் அதற்கு முன் நூற்றுக்கு 27 பேர். அதற்குப் பின் 64 பேர். நாட்கள் முக்கியம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் 45ஆம் நாள் ஊசிக்கு அநேகமாக எல்லாக் குழந்தைகளும் வருகிறார்கள். அந்த மேஜையில் ஒரு நிற அட்டை இருந்தால் போதும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

இனி உங்கள் பையனுக்கு வருகிறேன். 60க்கு இன்னும் 13 நாள் இருக்கிறது. வீணாக்காவிட்டால் தாராளமாகப் போதும். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள். புறநோயாளியாக ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒவ்வொரு நாள் வந்து போகாமல், சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சளுக்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று, பால் சர்க்கரையைச் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறு, பித்தநாள நீர்க்கட்டி போன்றவை. இவற்றில் சிலவற்றுக்கு உடனடி மருந்து உண்டு என்பதால் அவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றின் முடிவு வரட்டும், பிறகு அடுத்தது என்று காத்திருக்கக் கூடாது.

ஸ்கேனுக்கு நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் இருக்க வேண்டும். பால் குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும், பிறகு அது நோயால் சுருங்கியதா, பாலால் சுருங்கியதா என்று தெரியாது. மேலே சொன்ன குழந்தைக்கு இதில் மட்டும் எட்டு நாள் போயிற்று. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. ஹைடா ஸ்கேன் என்று ஒன்று சொல்லலாம். ஒரு கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, அது குடலுக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். போனால் பிலியரி அட்ரீசியா அநேகமாக இல்லை. போகாவிட்டால் எதுவும் உறுதியாகாது. ஏனென்றால் கல்லீரல் அழற்சி கடுமையாக இருந்தாலும் போகாது. அதற்கு முன்தயாரிப்பாக ஐந்து நாள் ஒரு மாத்திரை கொடுக்கும் வழக்கம் வேறு உண்டு. 47 நாளில் நிற்கும் குழந்தைக்கு அந்த ஐந்து நாள் தேவையா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கல்லீரலில் ஊசி வழியாக ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது அதைவிட வேகமாகவும் பெரும்பாலும் தெளிவாகவும் பதில் சொல்லும். சி.எம்.வி. பாசிட்டிவ் என்று வந்தால் அதற்காக ஆபரேஷன் முடிவைத் தள்ளிவைக்கக் கூடாது. நம் நாட்டுக் குழந்தைகளில் அது பரவலாகப் பாசிட்டிவ் வரும். வைரஸும் நாள அடைப்பும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம்.

கடைசி முடிவு ஆபரேஷன் மேஜையில்தான் தெரியும். வயிற்றைச் சிறிதாகத் திறந்து, பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் மேலே கல்லீரலுக்குள்ளும் கீழே குடலுக்குள்ளும் ஓடினால் இந்த நோய் இல்லை. அப்படியே மூடிவிடுவார்கள், குழந்தைக்கு ஒரு சிறு தழும்போடு போகும். ஓடாவிட்டால் அதே மயக்கத்தில் கசாய் செய்துவிடுவார்கள். அதனால்தான் இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். "சந்தேகத்துக்காகத் திறப்பதா?" என்று வீட்டில் கேட்பார்கள். தேவையில்லாமல் திறந்த வயிறு சில வாரத்தில் ஆறிவிடும். தேவைப்பட்டும் திறக்காமல் போன மூன்று வாரம் திரும்பி வராது.

கசாய் செய்யும்போது பித்தப்பையையும் நார்க்கயிற்றையும் கல்லீரல் வாசல் வரை பின்தொடர்ந்து போய், அங்கே உள்ள திட்டைச் சீவியெடுப்போம். மேலாகச் சீவினால் நாளங்களை எட்டாது. ஆழமாகச் சீவினால் கல்லீரல் காயப்பட்டு, ஆறும்போது தழும்பு நாளங்களை மூடிவிடும். அங்கே ரத்தம் கசிந்தாலும் மின்சூட்டால் சுடாமல், துணி வைத்து அழுத்திக்கொண்டு பொறுமையாக நிற்போம். சுட்டால் நாளங்களும் பொசுங்கிவிடும். பிறகு சிறுகுடலில் சுமார் 40 சென்டிமீட்டர் நீளத்தை மேலே கொண்டுவந்து அந்த இடத்தில் தைப்போம். இந்த வேலை அடிக்கடி செய்யும் கைக்குத்தான் பழகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்தைவிட, பத்து இருபது செய்யும் இடம் நல்லது. அதற்காக இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

எடை கூடுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நிறைய பேரை ஏமாற்றுவது இதுதான். முதல் இரண்டு மாதம் இந்தக் குழந்தைகள் கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டு, நன்றாகப் பால் குடித்துக்கொண்டு இருப்பார்கள். எடை நிற்பதும் வயிறு பெருப்பதும் கல்லீரல் இறுகிய பிறகு வரும் அறிகுறிகள். அவற்றுக்காகக் காத்திருந்தால் கசாய்க்கான காலம் போய்விட்டிருக்கும். 100 நாளைத் தாண்டி, கல்லீரல் இறுகி, வயிற்றில் நீரும் கோத்து வரும் குழந்தைக்கு, கசாய் செய்யாமல் நேராக மாற்று அறுவைக்கே தயார் செய்வதும் உண்டு. மாற்றுக் கல்லீரல் இன்று கைகூடும் சிகிச்சைதான். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று 1998இல் தில்லியில், இதே நோய் இருந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, அப்பாவின் கல்லீரலிலிருந்து செய்யப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகவே ஆகியிருக்கிறார். ஆனால் அதற்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், பெரிய செலவு, வாழ்நாள் முழுக்க மருந்து. ஐந்து கிலோ குழந்தைக்குச் செய்வதைவிடப் பத்து வயதில் செய்வது எல்லா விதத்திலும் எளிது. கசாய் பலித்தால் அந்த வருஷங்கள் கிடைக்கின்றன. சிலருக்கு மாற்று அறுவையே தேவைப்படுவதில்லை. நல்ல மையங்களில் பாதிக்குப் பக்கமான குழந்தைகள் ஐந்து வயதில் சொந்தக் கல்லீரலோடு இருக்கிறார்கள்.

தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள். கர்ப்பத்தில் அவள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இது வந்ததில்லை. தாய்ப்பாலாலும் வரவில்லை, பாலை நிறுத்தவும் வேண்டாம். குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கு வருவது மிக மிக அரிது. பத்தியம் என்று அவளைப் பட்டினி போட விடாதீர்கள். கீழாநெல்லியோ வேறு நாட்டு மருந்தோ கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று ஆபரேஷனுக்கு முன்பே, சேர்க்கும் அன்றே கேளுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலர் மூளையில் ரத்தக் கசிவோடு வந்த பிறகுதான் நோயே தெரியவருகிறது.

ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் பித்தம் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று மாதத்துக்குள் பிலிருபின் 2க்குக் கீழே வந்தால் பலித்துவிட்டது என்று நாங்கள் எண்ணிக்கொள்வோம். அதன் பிறகும் முதல் இரண்டு வருஷம் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கல்லீரலோடு குடல் நேராக ஒட்டியிருப்பதால் குடல் கிருமிகள் மேலே ஏறலாம். குழந்தைக்கு ஜுரம் வந்து, கூடவே மலம் வெளுத்தாலோ மஞ்சள் கூடினாலோ, பக்கத்துக் கடையில் பாரசிட்டமால் வாங்கிக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அது பித்தநாளத் தொற்று. அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை அந்தத் தொற்று வரும்போதும், ஆபரேஷனில் காப்பாற்றிய நாளங்களில் சில மூடிக்கொள்ளும். டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையின் பையிலேயே எப்போதும் வைத்திருங்கள். நடுராத்திரியில் பார்க்கும் டாக்டருக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பது அதைப் பார்த்தவுடனே தெரிய வேண்டும்.